காதில் குறையா, கல்வியில் வேறுபாடா?

முதுகுன்றம் என்பது பழந்தமிழ்ப் பெயர். முதுமையை 'விருத்த' என்றும், குன்றத்தை 'அசலம்' என்றும் மொழிபெயர்த்து விருத்தாசலம் ஆக்கினர். பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற அந்நகரை அடுத்த நல்லூரில், ஒரு மணவீட்டுத் திண்ணையில் அண்மையில் ஒரு வாதம் எழுந்தது. நாம் ஊர்ப்பெயரைச் சொன்னதும் ஒரு பெரியவர் நகைத்தார். "வடமொழியில் அந்தத் தகரம் குரலும் மூச்சும் கலந்து ஒலிக்கும். சொல்லத்தான் வராது என்றால் உங்களுக்குக் கேட்கவும் வராது. அதெல்லாம் பிறப்பிலேயே அமைவது!" என்றார்.

பிறப்பிலேயேவாம்! அந்தச் சொல்லைத்தான், தோழர்களே, ஆராய வேண்டும்.

அவ்வினத்தில் எளிய ஒலியை எடுத்துக்கொள்வோம். இந்தியில் கணப்பொழுதுக்கும் பழத்துக்கும் உரிய சொற்கள் இரண்டையும் தமிழில் எழுதினால் 'பல்' என்றே வரும். இந்திக்காரருக்கோ அவை வெவ்வேறு சொற்கள். உதட்டின் முன் மெல்லிய தாளைப் பிடித்துக்கொண்டு அவரைச் சொல்லச் சொல்லுங்கள். முதற்சொல்லுக்குத் தாள் ஏறக்குறைய அசையாது, இரண்டாவதற்குப் படபடக்கும். உதடு திறந்த பின்னும் குரல் உடனே எழாமல், இடையில் மூச்சு பீறிட்டு வருவதே காரணம்.

அந்த இடைவெளியை அளந்தும் விட்டார்கள். லிஸ்கர், ஆப்ராம்சன் என்னும் இரு அறிஞர்கள் 1964-இல் பதினொரு மொழிகளை ஆராய்ந்தனர். தமிழும் இந்தியும் அவற்றில் உண்டு. ஒரு வினாடியை ஆயிரம் கூறாக்கினால், தமிழின் க, த, ப ஆகியவற்றில் குரல் எழச் சுமார் 10 முதல் 25 கூறுகளே ஆகும். இந்தியின் மூச்சொலிகளில் அது 60-ஐத் தாண்டி 90-ஐ ஒட்டியும் செல்லும். ஆக, வேறுபாடு மெய். காற்றில் அது இருக்கிறது. நம் செவிப்பறையிலும் வந்து மோதுகிறது. பின் ஏன் நம் கருத்தில் பதிவதில்லை?

'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். முதற் பகரம் குரலின்றிப் பிறக்கிறது. மகரத்தை அடுத்த பகரம் குரலோடு பிறக்கிறது. இந்திக்காரர் அவற்றை இரண்டு எழுத்தாகக் கேட்பார். நமக்கோ அது ஒரே எழுத்து, ஒரே ஒலி! ஏன்? அந்த வேறுபாட்டால் தமிழில் ஒரு சொல் மற்றொரு சொல்லாக மாறுவதில்லை. ஆங்கிலேயரும் இப்படித்தான். 'பின்' என்னும்போது மூச்சு விடுகிறார். 'ஸ்பின்' என்னும்போது விடுவதில்லை. தம் வாயாலேயே இரண்டையும் ஒலித்துவிட்டு, இரண்டும் ஒன்றே என்று உறுதியாகக் கூறுவார். பொருளைப் பிரிக்கும் ஒலியைக் காது பற்றிக்கொள்கிறது, பிரிக்காததை விட்டுவிடுகிறது.

இது பிறப்பிலே அமைவதா? இல்லை. கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஆங்கில வீடுகளில் வளரும் குழந்தைகளுக்கு, இந்தியில் நாநுனி பல்லைத் தொடும் தகரத்தையும் நா வளைந்து எழும் டகரத்தையும் கேட்கச் செய்தனர். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் வேறுபாட்டைக் கண்டுகொண்டன. பத்துப் பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலானவற்றால் அது இயலவில்லை. தாய்மொழிக்கு வேண்டாத வேறுபாட்டை ஓராண்டுக்குள்ளேயே காது கவனியாது விடுகிறது!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆங்கிலேயர் தடுமாறும் அந்த வேறுபாடு எது? நம் வீட்டுக் குழந்தை 'பத்து' என்றும் 'பட்டு' என்றும் சொல்லும்போது காட்டும் வேறுபாடுதான். மூச்சொலியைக் கேளாத தமிழன் காதில் குறை என்றால், 'பத்து'ம் 'பட்டு'ம் பிரித்தறியாத ஆங்கிலேயன் காதில் என்ன குறை? எந்தக் குலக்குறை?

பெரியவருக்கு அந்த ஒலி கேட்டது ஏன்? சிறுவயதில் ஓதுவித்த வாய் ஒன்று அவர் அருகே இருந்தது. அவர் பேரன் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்தால், நம்மைப் போலவே கேட்பான். எழுத்து இருந்தால் போதுமா? அதுவும் போதாது. சிங்களத்தில் மூச்செழுத்துகள் இருக்கின்றன; ஆனால் பேச்சில் அவை சாதாரண எழுத்துகளாகவே ஒலிக்கின்றன. எந்தச் சொல்லுக்கு எந்த எழுத்து என்பதை அங்கே பிள்ளைகள் மனப்பாடமே செய்கின்றனர்.

நம் தோழர்களுக்கும் ஒரு சொல். "அப்படியோர் ஒலியே இல்லை, எல்லாம் கற்பனை" என்று எதிர்வாதம் செய்யாதீர்கள். தாள் படபடப்பதைக் கண்ணால் கண்டபின் மறுப்பது பகுத்தறிவாகாது. நல்லூர்ப் பக்கத்துக் களிமண்ணைக் கேளுங்கள். வெயிலில் காய்ந்த பாண்டம் இறுகித்தான் இருக்கும். நீரில் ஊறவைத்தால் மீண்டும் குழையும். சூளையில் வெந்ததுதான் குழையாது. நம் காது காய்ந்தது, வெந்ததன்று. பயிற்சியால் சில ஒலிகள் விரைவில் பிடிபடும். சில நெடுநாள் உழைத்தாலும் தாய்மொழியாளர் அளவுக்கு வாரா. அவ்வளவே.

வேண்டுவோர் கற்கலாம், வேண்டாதோர் விடலாம். ஆனால் ஓராண்டுக் குழந்தை தொட்டிலில் கற்றதைக் காட்டி ஒருவனை உயர்ந்தவன் என்றும் மற்றவனைத் தாழ்ந்தவன் என்றும் பிரிப்போர்க்கு நாம் சொல்லும் விடை ஒன்றே: குறை காதில் இல்லை, ஐயா, கணக்கில் இருக்கிறது!