டேங்கர் பின்னாடி இருக்கிற அந்த நாலு இலக்க எண்

1/ ராத்திரி கேஷுவால்டி. பைபாஸ்ல நின்ன ஒரு டேங்கர்ல இருந்து கிளீனர் பையனை கூட்டிட்டு வந்தாங்க. வால்வு கசிஞ்சிருக்கு, வெறுங்கையால துணி வச்சு இறுக்கியிருக்கான். ரெண்டு மூணு மணி நேரம் ஒண்ணும் தெரியல. அப்புறம் விரல்ல வலி. "என்ன லோடு?"னு கேட்டேன். டிரைவர் சொன்னது ஒரே வார்த்தை: "ஆசிட் சார்."

2/ ஆசிட்னா எங்களுக்கு முதல்ல தோணுறது சல்ஃப்யூரிக். நிறைய தண்ணி விட்டுக் கழுவி, காயத்துக்குக் கட்டுப் போடுவோம். ஆனா இவன் விரல்ல காயமே பெருசா இல்ல, லேசா சிவந்திருந்தது, அவ்வளவுதான். வலியோ கத்துற அளவுக்கு. கண்ணுக்குத் தெரியற காயத்துக்கும் வலிக்கும் பொருத்தமே இல்லாம இருந்தா ஒரு ஆசிட்டை சந்தேகப்படணும்.

3/ டிரைவர்கிட்ட, "வண்டி பின்னாடி ஒரு போர்டு இருக்கும், அதுல நாலு இலக்க எண் இருக்கும், யாரையாவது போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க"ன்னேன். போர்டு முழுக்க சேறாம், துடைச்சுதான் எடுத்தாங்க. வந்த எண் 1790. ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட்.

4/ அந்த போர்டுல சாய்சதுரமா ஒரு படம் இருக்கும். கை மேலயும் உலோகத்து மேலயும் திரவம் சொட்டுற மாதிரி, கீழ 8னு எண். அரிக்கும் பொருள்னு அர்த்தம். சல்ஃப்யூரிக் ஆசிட்டுக்கும் அதே படம்தான், ஹைட்ரோஃப்ளூரிக்குக்கும் அதே படம்தான் (இதுக்கு கூடவே மண்டை ஓடும் இருக்கணும்). என்ன ஆசிட்னு பிரிச்சுச் சொல்றது அந்த யூ.என். எண்தான். அடர்ந்த சல்ஃப்யூரிக்னா 1830, இதுக்கு 1790.

5/ அந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? சல்ஃப்யூரிக் தொட்ட இடத்தை எரிக்கும். இது தோலைத் தாண்டி உள்ள இறங்கும். இதுல இருக்கிற ஃப்ளூரைடு உடம்பு கால்சியத்தைப் பிடிச்சுக்கும். நிறைய பட்டா ரத்தத்துல கால்சியம் இறங்கி இதயத்துடிப்பு தாறுமாறாகும், உயிரே போகலாம். அடர்த்தி குறைவான கரைசல்னா வலி ஆரம்பிக்கவே பல மணி நேரம் ஆகலாம். அதனாலதான் "ஒண்ணும் இல்லை"னு வீட்டுக்குப் போயிடுவாங்க.

6/ இதுக்கு மருந்து எல்லா ஆஸ்பத்திரியிலயும் இருக்கு: கால்சியம் குளுக்கோனேட். ரெடிமேட் ஜெல் கையில இல்ல. 10% ஊசி மருந்து ஒரு பங்கு, கதீட்டர் போடத் தடவுற ஜெல்லி மூணு பங்கு கலந்து, சர்ஜரி கையுறைக்குள்ள ஊத்தி, அவன் கையை உள்ள விட்டோம். வலி குறையுதான்னு பார்த்துக்கிட்டே இருக்கணும், மருந்து வேலை செய்யுதுங்கிறதுக்கு அதுதான் அடையாளம். கூடவே இ.சி.ஜி., ரத்தத்துல கால்சியம். பையன் தப்பிச்சான்.

7/ எண் தெரியலைன்னா? கழுவி, கட்டுப் போட்டு, வலி மாத்திரை கொடுத்து அனுப்பியிருப்பேன். அப்படி அனுப்பிடறதுக்கு எல்லாமே தயாராத்தான் இருந்தது. இதுதான் என்னை இன்னும் உறுத்துது.

8/ சட்டத்துல குறை இருக்கான்னு பார்த்தா, பெருசா இல்ல. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 இதையெல்லாம் சொல்லுது. வண்டியில அவசரத் தகவல் பலகை இருக்கணும். பொருளோட பேரு, யூ.என். எண், யாரைக் கூப்பிடணும்ங்கிற போன் நம்பர் எல்லாம் அதுல இருக்கணும். கேபின்ல ட்ரெம் கார்டு இருக்கணும், அதாவது இந்த லோடு கசிஞ்சா என்ன செய்யணும்னு எழுதின அட்டை. டிரைவருக்கு 3 நாள் பயிற்சி வேணும்.

9/ கவனிங்க: பயிற்சி டிரைவருக்கு. அந்த விதி கிளீனரைப் பத்திப் பேசல. ஆனா வால்வு கசிஞ்சா முதல்ல இறங்கி கை வைக்கிறது யாரு? நம்ம ரோட்ல எப்பவும் கிளீனர்தான். எனவே என் கருத்து: இந்த மாதிரி லோடு ஏத்துற இடத்துலயே கிளீனரையும் நிக்க வச்சு, அவன் பேசுற மொழியில, "இதைத் தொடாதே, பட்டா உடனே கழுவு, இந்த அட்டையோட ஆஸ்பத்திரிக்குப் போ"ன்னு சொல்லி அனுப்பணும். பத்து நிமிஷ வேலை.

10/ அடுத்தது, ட்ரெம் கார்டு வண்டியிலயே கிடந்தா டாக்டருக்குப் பிரயோஜனம் இல்ல. ரெண்டு பிரதி வைங்க. ஒண்ணு தீயணைப்புக்காரங்களுக்கு வண்டியில, இன்னொண்ணு நோயாளி சட்டைப் பையில. நோயாளி எங்க போறாரோ அங்க அந்த எண்ணும் போகணும்.

11/ ரோட்ல போற நமக்கு: கவிழ்ந்த டேங்கரைப் பார்த்தா கிட்டப் போகாதீங்க. காத்து உங்க பக்கமிருந்து வண்டி பக்கம் அடிக்கிற மாதிரி தள்ளி நில்லுங்க. அங்கிருந்து போனை ஜூம் பண்ணி போர்டைப் படம் எடுங்க. 112க்கு கூப்பிட்டு, இடத்தோட சேர்த்து அந்த நாலு இலக்கத்தையும் சொல்லுங்க. தெரியலைன்னா அதுக்காக நெருங்க வேண்டாம். சிந்தினதைப் பிடிக்க குடம் எடுத்துட்டுப் போறவங்களையும் தடுங்க.

12/ கேஷுவால்டில இருக்கிற ஜூனியர்களுக்கு: லாரிக்காரர் "ஆசிட்"னு சொன்னா அங்கேயே நிறுத்திடாதீங்க. "எண் என்ன?"ன்னு கேளுங்க. தெரியாதுன்னா போன் போடச் சொல்லுங்க. அதுவரைக்கும் கையைக் கழுவிக்கிட்டே இருங்க.