மிச்சமிருந்த வார்த்தை

சென்ற வாரம் கோயமுத்தூருக்குப் போயிருந்தேன். பீளமேட்டில் அக்காள் வீடு. நான் நுழைகிற சமயத்தில் வீடே அமளிப்பட்டுக் கொண்டிருந்தது. மூன்றாம் வகுப்பு படிக்கும் அவள் பிள்ளை பயிற்சித் தாளில் ஐந்துக்கு மூன்று வாங்கி வந்திருந்தான். "ஊர் ஆத்துப் பேரே ரெண்டு தெரியலீங்கறானே!" என்று அக்காள் அங்கலாய்த்தாள்.

தாளை வாங்கிப் பார்த்தேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று கிடக்கும். மேலே ஒரு கட்டம். அதற்குள் நொய்யல், பவானி, சிறுவாணி, ஆழியாறு, அமராவதி என்று ஐந்து பெயர்கள். கீழே ஐந்து வாக்கியங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கோடிட்ட இடம். ஒரு சொல்லை ஒரு முறைதான் எழுத வேண்டும். 'கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் ஆறு' என்பது முதல் வாக்கியம். 'கோவை நகரை ஒட்டி ஓடும் ஆறு' என்பது மூன்றாவது. மற்றவை குடிதண்ணீர், பொள்ளாச்சிப் பக்கத்து அணை, கூடுதுறை பற்றியவை.

பையன் முதல் கோட்டில் 'நொய்யல்' என்று எழுதி, கட்டத்திலும் அதை அடித்து விட்டான். மூன்றாவதில் 'அமராவதி' என்று எழுதியிருந்தான்.

"ஏன் கண்ணு, கோயமுத்தூரில் அமராவதியா ஓடுகிறது?" என்றேன்.

"இல்லீங்க சித்தி. அதுதான் மிச்சம் இருந்துச்சு."

பாருங்கள், அவனுக்கு விஷயம் தெரியும்! நொய்யலும் கரூர் மாவட்டத்தில்தான் காவிரியில் சேர்கிறது. அமராவதியும் அப்படியே. ஆகவே முதல் வாக்கியத்துக்கு இரண்டு பெயருமே பொருந்தும். மூன்றாவதற்கோ நொய்யல் ஒன்றுதான் பொருந்தும். ஐந்தையும் படித்துவிட்டு, ஒரே விடை உள்ளதை முதலில் நிரப்பியிருந்தால் தப்பியிருப்பான். மேலிருந்து கீழே வரிசையாக நிரப்பியதால் மாட்டிக் கொண்டான். மூன்றாவதில் இடித்தபோதாவது முதலாவதற்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் அடித்த சொல்லை மறுபடி எடுப்பது குழந்தைகளுக்குத் திருட்டு மாதிரி!

இதில் அம்மாக்கள் கவனிக்க வேண்டிய ஒரு கணக்கு இருக்கிறது. ஐந்து சொல்லும் ஐந்து கோடும் இருந்து, ஒவ்வொன்றையும் ஒரே முறை எழுதினால், ஐந்துக்கு நான்கு மார்க் வரவே வராது. நாலு சொல் சரியான இடத்தில் உட்கார்ந்தால் ஐந்தாவதற்கு வேறு இடம் ஏது? ஒரு சொல் இடம் மாறினால், அது யாருடைய இடத்தைப் பிடித்ததோ அதுவும் தெருவில் நிற்கும். ஒரு தடுமாற்றத்துக்கு இரண்டு மார்க் போய்விடும். அப்படியும் நான்கு என்று வந்தால், ஒரு சொல்லை இரண்டு தடவை எழுதியிருக்க வேண்டும், அல்லது ஒரு கோட்டைக் காலியாக விட்டிருக்க வேண்டும். திருத்தியவர் கை தவறியதாகவும் இருக்கலாம்.

ஐந்துக்கு ஐந்து வாங்கி வந்தாலும் ஒரேயடியாகப் பூரித்துப் போக வேண்டாம். நாலு தெரிந்தால் ஐந்தாவது இனாம். அந்த இனாமை ஒழிக்க வேண்டுமானால் கட்டத்தில் 'காவிரி' போல ஒன்றிரண்டு உபரிச் சொற்களைப் போட்டால் போதும். ஆனால் சின்னக் குழந்தை அதில் மிரண்டு விடும்.

தமிழுக்கென்றே இன்னொரு சங்கடம் உண்டு. நீங்களே வீட்டில் தாள் தயாரிக்கும்போது, கோட்டை வாக்கியத்தின் நடுவில் போட்டு அதன் பின்னால் 'யின்' என்று வேற்றுமை உருபை எழுதிவிட்டால், குட்டு வெளிப்பட்டுவிடும். பவானியின், சிறுவாணியின், அமராவதியின் என்பவைதான் அங்கே ஒட்டும், நொய்யல் ஒட்டாது. குழந்தை ஆற்றை யோசிக்காமல் வாலைப் பார்த்தே எழுதிவிடும். ஆழியாறு இன்னும் மோசம். உருபு சேர்ந்தால் 'ஆழியாற்றின்' என்று ஆளே மாறிவிடும்; கட்டத்தில் இருக்கிற சொல்லை அப்படியே எழுத முடியாது. அதனால்தான் விஷயம் தெரிந்த ஆசிரியர்கள் கோட்டை வாக்கியத்தின் கடைசியில் போடுகிறார்கள். 'ஓடும் ஆறு' என்று முடித்துக் கோடு போட்டால் எந்தப் பெயரும் மாறாமல் உட்காரும்.

அன்று மாலை அதே தாளைப் புதிதாக எழுதி, கட்டத்தின் மேல் என் உள்ளங்கையை வைத்து மறைத்துக் கொண்டு கேட்டேன். கூடுதுறை என்றதும் 'பவானி' என்றான். குடிதண்ணீருக்கு 'சிறுவாணி' என்றான். பொள்ளாச்சி அணைக்குக் கொஞ்சம் விழித்தான். கையை எடுத்ததும் 'ஆழியாறு' என்று பிடித்துக் கொண்டான். ஆக, அவனுக்கு உண்மையில் சந்தேகமான இடம் அதுதான். அதற்கோ பள்ளியில் சரி போட்டிருந்தார்கள்!

கரூர் வாக்கியம் வந்தபோது பேனாவை வைத்துவிட்டான்.

"சித்தி, இதுக்கு ரெண்டு ஆறு வருமுங்களே! எதை எழுதட்டும்?"

அக்காள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். மாவட்டம் என்பதை அடித்து, 'கரூர் நகரத்தை ஒட்டி' என்று நான் திருத்திக் கொடுத்தேன். அவன் 'அமராவதி' என்று எழுதிவிட்டு விளையாட ஓடினான்.