நான்கு நாள் வாரம்: குறைவது நாளா, நேரமா?

தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நான்கையும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்த பாஜக அரசு, அடுத்த மாதமே ஒரு ‘சலுகை’யை விளம்பரப்படுத்தத் தொடங்கியது. நாளொன்றுக்கு 12 மணி நேரம் வீதம் நான்கு நாட்கள் உழைத்தால் எஞ்சிய மூன்று நாட்களும் ஊதியத்துடன் கூடிய விடுமுறையாம். வார வேலை நேரம் 48 மணி என்பதில் மாற்றமில்லை என்று தொழிலாளர் அமைச்சகமே விளக்கமும் அளித்தது. கணக்கில் பிழையில்லை. எட்டு மணி நேரம் வீதம் ஆறு நாள் உழைத்தாலும் 48, பன்னிரண்டு மணி நேரம் வீதம் நான்கு நாள் உழைத்தாலும் 48. அப்படியானால் அந்த மூன்று நாள் விடுமுறைக்கு ஊதியம் கொடுப்பவர் யார்? முதலாளி ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்கவில்லை. தொழிலாளி தன் எட்டு மணி நேர நாளைப் பறிகொடுத்து, அந்த விடுமுறையைத் தானே விலைக்கு வாங்கிக்கொள்கிறார்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம், இடைவேளையும் சேர்த்துப் பத்தரை மணி நேரம் என்று எல்லை வகுத்திருந்தது. அந்த எல்லையை உடைப்பதற்கான முயற்சி 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திலும் நடந்தது. இடதுசாரிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்ததால் அந்தத் திருத்தம் திரும்பப் பெறப்பட்டது. இப்போது அதே சரக்கு ‘நான்கு நாள் வாரம்’ என்ற உறையில் வருகிறது. உலகெங்கும் தொழிலாளர்கள் விரும்பும் ஒரு கோரிக்கையின் பெயரைத் திருடியிருக்கிறார்கள் என்பதால், அந்தக் கோரிக்கையின் உண்மையான உள்ளடக்கம் என்ன, அது நடைமுறையில் வென்றதா என்பதை நாம் துல்லியமாக அறிந்திருக்க வேண்டும்.

இங்கிலாந்தின் தெற்கு கேம்பிரிட்ஜ்ஷயர் மாவட்ட மன்றத்தின் அனுபவம் இதற்குப் பொருத்தமானது. கட்டிட அனுமதி வழங்குவது, மன்ற வீடுகளைப் பராமரிப்பது, உதவித்தொகை விண்ணப்பங்களைப் பைசல் செய்வது, குப்பை அள்ளுவது என மக்களுக்கு நேரடியாகச் சேவை செய்யும் உள்ளாட்சி அமைப்பு அது. அதை ஆள்வது இடதுசாரிகள் அல்லர், லிபரல் டெமாக்ரட் கட்சியினர். தொழிலாளர் மீதான பரிவு அவர்களை உந்தவில்லை. ஆள் கிடைக்காமையே உந்தியது. கேம்பிரிட்ஜ் வட்டாரத்தின் வீட்டு வாடகைக்கு ஈடுகொடுக்க மன்றத்தின் சம்பளம் போதவில்லை. விளம்பரம் செய்த ஒவ்வொரு பத்து இடங்களிலும் எட்டு அளவுக்கே நிரப்ப முடிந்தது. எஞ்சிய வேலையை அதிகக் கூலி கேட்கும் ஆள்வழங்கு முகமைகளைக் கொண்டு செய்ததில் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 லட்சம் பவுண்டு கரைந்தது. அதனால் 2023 ஜனவரியில் மேசைப் பணியாளர்களிடம் சோதனை தொடங்கியது. ஏறத்தாழ எண்பது விழுக்காடு நேரம், முழு வேலை, முழு ஊதியம் என்பது ஏற்பாடு. அலுவலகம் ஐந்து நாளும் திறந்திருக்கும். சிலர் திங்களன்றும் சிலர் வெள்ளியன்றும் விடுப்பெடுப்பர்.

அன்றைய கன்சர்வேடிவ் ஒன்றிய அரசு உடனே பாய்ந்தது. சோதனையை நிறுத்தும்படி அமைச்சர் கடிதம் எழுதினார். 2023 நவம்பரில் மன்றத்துக்கு முறையான அறிவிக்கை வந்தது. வரி கட்டுவோரின் பணத்தில் ஊழியர்கள் ஒரு நாள் சும்மா இருக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. அதன் பிறகு ஆட்சிக்கு வந்த லேபர் கட்சியின் அமைச்சரும் எதிர்த்தே எழுதினார் என்பது வியப்புக்குரியதன்று.

முடிவு என்ன? மூன்று பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2024 ஜூலையில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பணியை விட்டு விலகுவோர் விகிதம் 39 விழுக்காடு குறைந்தது. 2025இல் வந்த அடுத்த மதிப்பீட்டில், அளக்கப்பட்ட 24 சேவைக் குறியீடுகளில் 21 முன்னேறியிருந்தன அல்லது மாறாமல் இருந்தன. பெரும்பாலும் முகமை ஆட்களுக்கான செலவு குறைந்ததால் ஆண்டுக்கு 3,99,263 பவுண்டு மிச்சம். அவ்வாண்டு ஜூலையில் மன்றம் இதை நிரந்தரமாக்கியது.

நான்கு நாள் வாரத்தின் ஆதரவாளர்கள் இங்கே கைதட்டிவிட்டு, ஓய்வெடுத்த ஊழியர் வேகமாக உழைக்கிறார், உற்பத்தித்திறன் உயர்கிறது, முதலாளிக்கும் லாபம் என்று வாதிடுவார்கள். தொழிலாளி வர்க்கம் இந்த வாதத்தை அப்படியே வாங்கிக்கொள்ள முடியாது. இது புதிய வாதமும் அன்று. பிரெஸ்டன் நகரில் ராபர்ட் கார்ட்னர் என்ற ஆலை முதலாளி 1844 ஏப்ரலில் தம் இரண்டு பஞ்சாலைகளில் வேலை நாளைப் பன்னிரண்டு மணியிலிருந்து பதினொன்றாகக் குறைத்துப் பார்த்தார். ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின் பார்த்தபோது, அதே செலவில் அதே அளவு நூல் கிடைத்திருந்தது. தொழிலாளருக்கும் அதே கூலி. மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியில் இந்தச் சோதனையை எடுத்துக்காட்டுவது முதலாளியைப் பாராட்டுவதற்காக அல்ல. நேரம் குறைந்ததும் உழைப்பின் செறிவு கூடியது, அதாவது ஒவ்வொரு மணிக்குள்ளும் அதிக உழைப்பு திணிக்கப்பட்டது என்பதைக் காட்டவே எடுத்துக்காட்டுகிறார். ஆகவே ‘அதே வேலை முடிந்தது’ என்ற செய்தி மட்டும் தொழிலாளியின் வெற்றிக்குச் சான்றாகாது.

அப்படியானால் தெற்கு கேம்பிரிட்ஜ்ஷயரில் நடந்ததும் வெறும் செறிவூட்டல்தானா? பகுதி அதுதான். கூட்டங்களைச் சுருக்கியது, தேவையற்ற நடைமுறைகளை வெட்டியது எல்லாம் உண்டு. ஆனால் பெரிய பகுதி வேறிடத்தில் இருக்கிறது. ஒரு பிரிவில் பத்துப் பணியிடங்களில் இரண்டு காலி என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் பேர் ஐந்து நாள் உழைத்தால் வாரத்துக்கு 40 ஆள்நாள். பத்து இடங்களும் நிரம்பி, பத்துப் பேரும் நான்கு நாள் உழைத்தாலும் அதே 40 ஆள்நாள். முன்பு இருபது விழுக்காடு இடங்கள் காலியாகக் கிடந்தன. அந்தக் காலியிடம் இப்போது பத்துப் பேருக்கும் ஒவ்வொரு நாள் ஓய்வாகப் பங்கிடப்பட்டிருக்கிறது. நடைமுறையில் எல்லா இடமும் நிரம்பவில்லை, முன்பும் முகமை ஆட்கள் இருந்தார்கள் என்பதால் கணக்கு இவ்வளவு நேராக அமையாது. எனினும் குறியீடுகள் ஏன் சரியவில்லை என்பதற்கான விளக்கம், ஊழியர் மந்திரம்போல் வேகமானதில் இருப்பதைவிட, பழகிய ஊழியர் விலகாமல் நின்றதிலும் புதியவர் வந்து சேர்ந்ததிலுமே அதிகம் இருக்கிறது. ஓர் அனுமதிக் கோப்பை நடுவில் புதிய ஆள் கையிலெடுத்தால் முதலிலிருந்து படிக்க வேண்டும். அந்த இழப்பு எந்த வருகைப் பதிவேட்டிலும் தெரியாது.

சரிந்த மூன்று குறியீடுகளும் மன்ற வீடுகள் சார்ந்தவை. வாடகை வசூல் அவற்றில் ஒன்று. காலியான வீட்டை மறுபடி வாடகைக்கு விட ஆகும் நாட்கள் மற்றொன்று. வாடகை வசூல் குறைந்ததற்கு விலைவாசி நெருக்கடி காரணமாக இருக்கலாம். ஆனால் காலி வீட்டைப் பழுதுபார்த்து ஒப்படைப்பது கையும் கருவியும் கொண்டு செய்யும் வேலை. அதில் சுருக்குவதற்குக் கூட்டம் எதுவும் இல்லை. உழைக்கும் மக்களுக்கு மிக நெருக்கமான சேவையில்தான் சரிவு தெரிகிறது என்பதை நம் பக்கத்தவர் மறைக்க வேண்டியதில்லை. இங்கே ஆளைக் கூட்டு என்பதே பதில். ஐந்தாவது நாளைப் பிடுங்கு என்பதல்ல.

குப்பை அள்ளும் பிரிவில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. மேசைப் பணியாளருக்கு ஜனவரியில் கிடைத்தது லாரித் தொழிலாளிக்குச் செப்டம்பரில்தான் கிடைத்தது. (எங்கும் வரிசை இதுதான்.) குப்பைத் தொட்டி தன் எடையைக் குறைத்துக்கொள்ளாது. திங்களன்று எடுப்பதை நிறுத்தி, செவ்வாய் முதல் வெள்ளி வரை நான்கே நாளில் எல்லாத் தெருக்களையும் முடிக்கும்படி தடங்களை மாற்றி வரைந்தார்கள். தடம் மாற்றியதில் வீண் ஓட்டம் குறைந்திருந்தால் அது நல்ல லாபம். அதே ஆட்கள் ஒரே நாளில் கூடுதல் தெருக்களில் தொட்டி தூக்கினால் அது பிரெஸ்டன் பஞ்சாலைதான். எது நடந்தது என்பதை ‘குறித்த நாளில் எடுக்கப்பட்ட தொட்டிகளின் விழுக்காடு’ என்ற குறியீடு சொல்லாது; முதுகுவலிக்காக எடுத்த விடுப்பும், ஒரு குழு நாளொன்றுக்குத் தூக்கிய தொட்டிகளின் எண்ணிக்கையும்தான் சொல்லும். ஐஸ்லாந்தில் முறைப்பணி ஊழியருக்கு வேலை நேரத்தைக் குறைத்தபோது, மருத்துவமனைகளுக்குக் கூடுதல் ஆள் எடுக்க அரசு பணம் ஒதுக்க நேர்ந்தது. நோயாளியின் அருகில் இருப்பதே வேலையாக உள்ள இடத்தில் வேறு வழியில்லை.

எனவே இந்தியாவில் ஒரு சேவைப் பிரிவில் இத்தகைய சோதனை வருமானால், சங்கம் கேட்க வேண்டியவை நிர்வாகத்தின் குறியீடுகளோடு முடிந்துவிடுவதில்லை. முதல் மூன்று மாதத்தின் உற்சாகத்தைக் கொண்டு தீர்ப்பெழுதக் கூடாது. முந்தைய ஆண்டுகளின் அதே மாதங்களோடு ஒப்பிட வேண்டும். விடுப்பு நாளில் கைபேசியில் வந்த அழைப்புகளை எண்ண வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நிரந்தர ஊழியரின் ஐந்தாவது நாளை ஒப்பந்தத் தொழிலாளி சுமக்கிறாரா என்று பார்க்க வேண்டும். அலுவலகத்தில் நான்கு நாள் வாரமும், அதன் துப்புரவுத் தொழிலாளிக்கும் காவலருக்கும் பன்னிரண்டு மணி நேர முறைப்பணியும் ஒரே கூரையின் கீழ் நடந்தால் அந்தச் சோதனை தோற்றது என்றே பதிவு செய்ய வேண்டும்.

மோடி அரசின் நேர்மையைச் சோதிக்கக் கேம்பிரிட்ஜ் வரை போக வேண்டியதுமில்லை. வங்கி ஊழியர்கள் கேட்பது நான்கு நாள் அல்ல, ஐந்து நாள் வாரம். எஞ்சிய இரண்டு சனிக்கிழமைகளையும் விடுமுறையாக்க 2024 மார்ச்சில் வங்கிகள் சங்கமும் தொழிற்சங்கங்களும் உடன்பட்டன. அதற்கு ஈடாக நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக உழைக்க ஊழியர்கள் ஒப்புக்கொண்டனர். மாதத்தில் 21 வேலை நாட்களுக்கு அது 14 மணி நேரம். இரண்டு சனிக்கிழமைகளின் வேலை ஏறத்தாழ அவ்வளவே. வாடிக்கையாளருக்கோ நிர்வாகத்துக்கோ இழப்பில்லாத இந்த ஏற்பாட்டுக்கே ஒன்றிய நிதியமைச்சகம் ஒப்புதல் தராமல் இழுத்தடித்தது. தனியார் முதலாளிக்குப் பன்னிரண்டு மணி நேர நாளைத் தூக்கிக் கொடுக்க மட்டும் அதற்கு அரை நாள்கூடத் தயக்கமில்லை.