வாக்குறுதியும் மின்கட்டணச் சீட்டும்

நுழையும்முன்

பெங்களூரு நகர ரயில் நிலையத்தை அடுத்துள்ள ஒக்கலிபுரம், தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதியாகும். அப்பகுதியைச் சேர்ந்த இளம் வாக்காளர் ஒருவர் நாளிதழ் ஆசிரியருக்கு எழுதும் கருத்து மடலாக இப்பாடம் அமைந்துள்ளது. தேர்தல் அறிக்கையின் ஒரு வரி, அரசாணையாகி வீட்டு வாசலை அடையும்போது எவ்வாறு மாறுகிறது என்பதை இம்மடல் எடுத்துரைக்கிறது.

அனுப்புநர்
இளம் வாக்காளர்,
ஒக்கலிபுரம், பெங்களூரு.

பெறுநர்
ஆசிரியர் அவர்கள்,
நாளிதழ் அலுவலகம், பெங்களூரு.

பொருள்: தேர்தல் வாக்குறுதிகள் நிறைவேறுகின்றனவா என வாசகர்கள் கணக்கு வைத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கர்நாடக மாநிலச் சட்டமன்றத் தேர்தலுக்கு மக்கள் வாக்களித்து இன்றோடு இரண்டு ஆண்டுகள் நிறைவடைகின்றன. 2023ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் வாக்குப்பதிவு நடைபெற்றது. மே 20ஆம் நாள் புதிய அரசு பொறுப்பேற்றது. அத்தேர்தலில் வென்ற காங்கிரஸ் கட்சி, ஐந்து உறுதிமொழிகளை முன்வைத்து வாக்குக் கேட்டிருந்தது. அவை குறித்துத் தேநீர்க் கடைகளிலும் பேருந்துகளிலும் இன்றும் இரு குரல்கள் கேட்கின்றன. ‘சொன்னதைச் செய்துவிட்டார்கள்’ என்பது ஒன்று. ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்பது மற்றொன்று. இரு தரப்பினருமே பெரும்பாலும் எந்தத் தாளையும் புரட்டிப் பார்க்காமல் தீர்ப்புக் கூறுகின்றனர்.

ஒரு வாக்குறுதி நிறைவேறியதா என்பதை அறிய மூன்று தாள்கள் தேவை. முதலாவது, வாக்குறுதி அச்சிடப்பட்ட தேர்தல் அறிக்கை. இரண்டாவது, அதனை நடைமுறைப்படுத்த வெளியான அரசாணை. மூன்றாவது, அதன் பயனாக வீட்டிற்கு வந்துசேர்ந்த சீட்டு. இம்மூன்றையும் அருகருகே வைத்துப் படித்தால்தான் உண்மை விளங்கும்.

ஐந்து உறுதிமொழிகளுள் ஒன்றான ‘கிருஹ ஜோதி’ திட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வீட்டிற்கும் மாதந்தோறும் 200 யூனிட் மின்சாரம் இலவசம் என்பதே மக்கள் மனத்தில் பதிந்த வாக்குறுதி. 2023 ஜூன் மாதத்தில் அதற்கான அரசாணை வெளியானபோது, ஒரு கணக்கும் அதனுடன் சேர்ந்து வந்தது. 2022–23ஆம் நிதியாண்டில் அவ்வீடு மாதந்தோறும் சராசரியாக எத்தனை யூனிட் பயன்படுத்தியதோ, அதனுடன் நூற்றுக்குப் பத்து வீதம் கூட்டிய அளவே இலவசம். அதுவும் 200 யூனிட்டிற்கு உட்பட்டே இருக்க வேண்டும் என்பது அந்தக் கணக்கு.

எடுத்துக்காட்டாக, அந்நிதியாண்டு முழுவதும் 960 யூனிட் பயன்படுத்திய ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளலாம். அதன் மாதச் சராசரி 80 யூனிட். பத்து விழுக்காடாகிய 8 யூனிட்டைக் கூட்டினால், அவ்வீட்டின் இலவச வரம்பு 88 யூனிட் ஆகிறது. 88 யூனிட் வரை பயன்படுத்திய மாதத்தில் கட்டணம் இல்லை. 100 யூனிட் பயன்படுத்தினால் கூடுதலாகிய 12 யூனிட்டிற்குப் பணம் செலுத்த வேண்டும். பயன்பாடு 200 யூனிட்டைக் கடந்த மாதத்திலோ முழுக் கட்டணத்தையும் செலுத்த வேண்டும். அறிக்கையில் 200 என்றிருந்த எண், இந்த வீட்டின் சீட்டில் 88 ஆகிவிட்டது.

அப்படியாயின் வாக்குறுதி மீறப்பட்டதா? அவ்வாறு உடனே கூறிவிடுவதும் முறையன்று. மாதக் கட்டணம் செலுத்தி வந்த எண்ணற்ற வீடுகளுக்கு 2023 ஆகஸ்ட் முதல் கட்டணமில்லாச் சீட்டு வந்தது உண்மை. இலவசம் என்பதற்காக மின்சாரத்தை வீணாக்கக் கூடாது என்று அரசு கூறிய காரணமும் ஏற்கத்தக்கதே. ஆயினும், அந்த நிபந்தனையால் சிக்கனமாக வாழ்ந்த வீட்டிற்கே குறைந்த வரம்பு கிடைத்தது. மாதம் 30 யூனிட் மட்டும் பயன்படுத்திய ஓர் எளிய குடும்பத்திற்குக் கூடுதலாகக் கிடைத்தது வெறும் 3 யூனிட். இக்குறை உணரப்பட்டு, 2024 ஜனவரியில் விதி திருத்தப்பட்டது. 48 யூனிட்டிற்குக் குறைவான சராசரி உடைய வீடுகளுக்குப் பத்து விழுக்காட்டிற்கு மாற்றாகப் பத்து யூனிட் கூட்டித் தரப்பட்டது. ஆகவே 33ஆக இருந்த அக்குடும்பத்தின் வரம்பு 40ஆக உயர்ந்தது. அரசாணை ஒருமுறை வந்ததோடு கணக்கை மூடிவிடக் கூடாது என்பதற்கு இத்திருத்தமே சான்று.

ஒக்கலிபுரம் போன்ற பகுதிகளில் வாடகைக்குக் குடியிருப்போர் மிகுதி. வாடகைதாரரும் இத்திட்டத்தில் சேரலாம். பழைய பயன்பாட்டுக் கணக்கு இல்லாத புதிய வாடகைதாரருக்கு மாநிலச் சராசரியான 53 யூனிட்டைக் கொண்டு 58 யூனிட் என வரம்பு வகுக்கப்பட்டது. வீடு மாறும் குடும்பம், பழைய மின் இணைப்பிலிருந்து தன் ஆதார் எண்ணை விடுவித்துப் புதிய இணைப்பில் சேர்க்க வேண்டும். ஒண்டுக்குடித்தன வீடுகளில் மற்றொரு சிக்கலும் உண்டு. சலுகை கணக்கிடப்படுவது மீட்டருக்கே அன்றிக் குடும்பத்திற்கு அன்று. ஒரே மீட்டரைப் பகிர்ந்துகொள்ளும் மூன்று குடும்பங்கள் ஒரு மாதத்தில் தலைக்கு 70 யூனிட் பயன்படுத்தினால், மீட்டர் 210 காட்டும். தனித்தனியே பார்த்தால் மூன்றும் சிறு நுகர்வோரே. எனினும் அம்மாதம் முழுக் கட்டணம் வந்துவிடும். இத்தகைய நுட்பங்கள் மேடைப் பேச்சில் இடம்பெறுவதில்லை. சீட்டைப் படிப்பவருக்கே தெரியவரும்.

மற்றொரு வாக்குறுதி வேறொரு பாடத்தைக் கற்பிக்கிறது. ‘அன்ன பாக்கியா’ திட்டத்தின்கீழ், வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ள குடும்பங்களில் ஒருவருக்கு மாதம் 10 கிலோ அரிசி வழங்கப்படும் என்பது அவ்வாக்குறுதி. இவற்றுள் 5 கிலோ ஒன்றிய அரசின் உணவுப் பாதுகாப்புத் திட்டத்தின்வழி வருவது. மாநில அரசு சேர்க்க வேண்டியது எஞ்சிய 5 கிலோ. 2023 ஜூன் மாதத்தில், மாநிலங்களுக்கு வெளிச்சந்தைத் திட்டத்தில் அரிசி விற்பதை ஒன்றிய அரசு நிறுத்தியது. அதனால் மாநில அரசு, கிலோவிற்கு 34 ரூபாய் வீதம், ஒருவருக்கு 170 ரூபாயை அவ்வாண்டு ஜூலை முதல் வங்கிக் கணக்கில் செலுத்தியது. 2025 பிப்ரவரியில்தான் பணத்திற்கு மாற்றாக அரிசியே வழங்க முடிவாயிற்று. இதனை ‘நிறைவேறியது’ என்று மட்டும் எழுதினால் இடைப்பட்ட காலம் மறைந்துவிடும். ‘நிறைவேறவில்லை’ என்று மட்டும் எழுதினால் தடை எங்கிருந்து வந்தது என்பது மறைந்துவிடும். ‘ஒன்றரை ஆண்டுக்கு மேல் பணமாகவும், அதன்பின் அரிசியாகவும் வந்தது, காரணம் கொள்முதல் தடை’ என்று எழுதுவதே நேர்மையான கணக்கு.

‘வாக்குறுதியை மீறினால் தண்டிக்கச் சட்டம் இல்லையே; கணக்கு வைத்து என்ன பயன்?’ என்று சிலர் வினவக்கூடும். தமிழ்நாட்டில் இலவச வண்ணத் தொலைக்காட்சி போன்ற வாக்குறுதிகளை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில், 2013 ஜூலை 5ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் அறிக்கையில் அளிக்கப்படும் வாக்குறுதி, சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று அத்தீர்ப்பு கூறியது. அதே வேளையில், தேர்தல் அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்குமாறு தேர்தல் ஆணையத்திற்கு ஆணையிட்டது. அதன்படி அமைந்த நெறிமுறை, வாக்குறுதியின் நியாயத்தையும் அதற்கான பணம் வரும் வழியையும் கட்சிகள் குறிப்பிட வேண்டும் என்கிறது. நிறைவேற்றக்கூடிய வாக்குறுதிகளைக் கொண்டே மக்களின் நம்பிக்கையைக் கோர வேண்டும் என்றும் கூறுகிறது. கிருஹ ஜோதியின் நிபந்தனை தவறானதன்று. அது வாக்குப்பதிவுக்குப் பின்னர் வந்ததே குறை. நிபந்தனையை முன்கூட்டியே கூறும் கடமை கட்சிக்கு உண்டு. அதனைக் கேட்கும் பொறுப்பு வாக்காளருக்கு உண்டு. கணக்கு வைத்திருப்பவரால் மட்டுமே அடுத்த தேர்தலில் ‘200 யூனிட் என்றால் யாருக்கு, எந்த அளவு?’ என்று கேட்க இயலும்.

இக்கணக்கிற்கு ஒரு குறிப்பேடு போதும். வாக்குறுதியின் சொற்களை மாற்றாமல் முதல் பத்தியில் எழுத வேண்டும். அடுத்து, அரசாணையின் நாளும் நிபந்தனையும். அதற்கடுத்து, பயன் வீட்டிற்கு வந்த நாளும் அளவும். இறுதியாக, வேறுபாடு இருந்தால் அதற்குச் சொல்லப்பட்ட காரணம். தொடக்க விழா நடந்த நாளைப் பயன் வந்த நாளாக எழுதிவிடக் கூடாது. ‘வேலைவாய்ப்பைப் பெருக்குவோம்’ என்பது போன்ற அளவும் காலமும் இல்லாத வாக்குறுதியை ‘அளக்க இயலாதது’ என்று தனியே குறிப்பது நலம். ஆட்சிக்கு வராத கட்சிகளின் அறிக்கைகளையும் பாதுகாத்து வைத்தால், அவை நாளை ஆட்சிக்கு வரும்போது இதே அளவுகோலால் அளக்கலாம்.

வீட்டுச் சீட்டில் விடை கிடைக்காதபோது, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் துணைநிற்கிறது. கர்நாடகத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன், ஒரே பொருள் குறித்து, 150 சொற்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 30 நாள்களுக்குள் விடை வர வேண்டும். ‘ஏன் எங்கள் தெருவுக்குச் சலுகை இல்லை?’ என்று கேட்டால் பயனில்லை. அலுவலகம் தன்னிடமுள்ள ஆவணத்தையே தரும். ‘இந்தத் துணைக்கோட்டத்தில் சென்ற மாதம் எத்தனை இணைப்புகளுக்குக் கட்டணமில்லாச் சீட்டு வழங்கப்பட்டது?’ என்று கேட்பதே பயன் தரும்.

பெங்களூருத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பெரியோருக்குத் தமிழ் பேசவும் கன்னடம் பேசவும் வரும். கன்னடம் படிக்க வராது. மின்கட்டணச் சீட்டோ கன்னடத்தில் வருகிறது. பள்ளியில் கன்னடம் கற்கும் பிள்ளைகளே அவ்வீடுகளில் அதனைப் படித்துச் சொல்லத் தக்கவர்கள். வாக்களிக்கும் வயது வருமுன்பே அவர்களால் செய்யக்கூடிய குடிமைப்பணி இது.

ஆகவே, அரசு பொறுப்பேற்ற மே 20ஆம் நாளில் ஆண்டுதோறும் தங்கள் நாளிதழ் ஒரு பக்கம் ஒதுக்கி, மேற்கூறிய பத்திகளைக் கொண்ட அட்டவணையை வெளியிட வேண்டும். வாசகர்கள் தத்தம் குறிப்பேட்டுக் கணக்கை அதற்கு அனுப்பலாம். அட்டவணையில் ‘நிறைவேறியது’, ‘நிபந்தனையுடன் நிறைவேறியது’, ‘வேறு வடிவில் நிறைவேறியது’, ‘தொடங்கவில்லை’ என நான்கு நிலைகள் இருப்பின், புகழ்ச்சிக்கும் பழிப்புக்கும் இடையே உள்ள உண்மை வெளிப்படும்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இளம் வாக்காளர்.

இடம்: ஒக்கலிபுரம்
நாள்: 10.05.2025

பயிற்சி

1. ஒரு வாக்குறுதியை மதிப்பிடத் தேவையான மூன்று தாள்கள் யாவை?
2. 2022–23ஆம் நிதியாண்டில் ஒரு வீட்டின் மாதச் சராசரி 120 யூனிட் எனில், அதன் இலவச வரம்பு எவ்வளவு? அவ்வீடு ஒரு மாதம் 150 யூனிட் பயன்படுத்தினால் எத்தனை யூனிட்டிற்குக் கட்டணம் செலுத்த வேண்டும்?
3. அன்ன பாக்கியா வாக்குறுதியை, மடலின் இறுதியில் கூறப்பட்ட நான்கு நிலைகளுள் எதில் சேர்ப்பீர்கள்? காரணம் தருக.
4. உங்கள் வீட்டின் சென்ற மாத மின்கட்டணச் சீட்டைப் படித்து, அதிலுள்ள பழைய அளவு, புதிய அளவு, பயன்படுத்திய யூனிட் ஆகியவற்றைத் தமிழில் எழுதுக.