மாமா கேட்ட டெல்டா

2021 ஜூன் முதல் வாரம். ஊரடங்கில் பெங்களூர் ரிச்சர்ட்ஸ் பூங்கா பூட்டிக் கிடந்தது. மன்னார்குடிப் பக்கம் இருக்கும் மாமா போனில் வந்தார். “ஏம்ப்பா, கொரோனாவுக்கு எங்க டெல்டா பேரை ஏன் வச்சாங்க? இங்கேர்ந்தா பரவுச்சு?” குரலில் உண்மையான வருத்தம்.

எழுத்து ஒன்றுதான், வந்த வழிதான் வேறு. கிரேக்க நெடுங்கணக்கில் நான்காவது எழுத்தான டெல்டாவைப் பெரிய எழுத்தில் எழுதினால் முக்கோணம். நைல் நதி கிளைகளாகப் பிரிந்து கடல் சேரும் நிலத்தை, கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே ஹெரடோட்டஸ் அந்தப் பெயரால் எழுதியிருக்கிறார். பிறகு அது எல்லா நதிகளுக்கும் பொதுவானது. நம் காவிரிக்கும் பொருந்துகிறது, முக்கோணத்தை இடப்பக்கம் சாய்த்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். உச்சி திருச்சிப் பக்கம்: முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது, கல்லணையில் வெண்ணாறு பிரிகிறது. அடிக்கோடு, கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்திலிருந்து கோடியக்கரை வரையிலான கடற்கரை.

நோயின் டெல்டாவுக்கு வடிவம் கிடையாது, வரிசை எண் மட்டுமே. B.1.617.2 என்ற பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. அதனால் பத்திரிகைகள் ‘இந்திய வகை’ என்றன. அதற்கு முன் ‘பிரிட்டன் வகை’, ‘தென்னாப்பிரிக்க வகை’. கிருமியைச் சோதித்துக் கண்டுபிடித்துச் சொன்ன நாட்டின் மேலேயே பழி விழுந்தால், அடுத்த முறை எந்த நாடு வாய் திறக்கும்? மே 31 அன்று உலக சுகாதார நிறுவனம் கிரேக்க எழுத்துகளைக் கையில் எடுத்தது அதற்காகத்தான். பிரிட்டனில் கண்டது ஆல்பா, தென்னாப்பிரிக்காவில் பீட்டா, பிரேசிலில் காமா, இந்தியாவில் கண்டது நான்காவதாக டெல்டா. நம் கிராமக் கணக்கில் ‘அ’ பதிவேடு இருக்கிறதே, அந்த ‘அ’ மாதிரிதான். அடையாளம் சொல்லும், தரம் சொல்லாது. எழுத்து ஏற ஏற வீரியம் ஏறும் என்று அப்போது பலர் பயந்தார்கள். டெல்டா ஆல்பாவைவிட வேகமாகப் பரவியது உண்மை, ஆனால் அதை எழுத்து சொல்லவில்லை.

வரிசையும் நேராகப் போகவில்லை. நவம்பரில் ‘நியூ’ என்ற எழுத்தின் முறை வந்தபோது, ஆங்கிலத்தில் ‘புதிய’ என்று கேட்கும் என்று விட்டார்கள். அடுத்த எழுத்தான ‘க்ஸை’, ஆங்கிலத்தில் எழுதினால் சீனர்களின் ஒரு குடும்பப் பெயர், அதையும் விட்டார்கள். அப்படி வந்ததுதான் ஒமிக்ரான். டிசம்பர் 2 அன்று இந்தியாவில் முதல் இருவருக்கு அது உறுதியானதாக அறிவித்தார்கள், இருவருமே எங்கள் பெங்களூரில் சோதிக்கப்பட்டவர்கள். பெயரில் ஊர் இல்லாதபோதும், முதலில் தகவல் சொன்ன ஆப்பிரிக்க நாடுகளுக்குப் பல நாடுகள் விமானங்களை நிறுத்தின. எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

மாமாவிடம் அன்று முக்கோணத்தையும் நாலாவது இடத்தையும் மட்டும் சொன்னேன். “அப்ப நம்ம பேரு முந்தினதுதானே?” என்றார். “ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல மாமா.”

ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தது. சாயங்காலம் மாமாவே கூப்பிட்டார். “டெல்டாவுக்குத் தண்ணி விட்டாச்சுப்பா.”