பட்டியலைத் தயாரித்தது யார்? – நகரத்துக் கல்யாணங்களும் அகமணமும்

சாதி ஒழிப்பு என்று பேச்சை எடுத்தாலே ஒரு பதில் தயாராக இருக்கிறது. "அதெல்லாம் கிராமத்துல. சிட்டியில யாரு இப்போ அப்பா அம்மா பார்க்கிற வரனைக் கட்டிக்கிறாங்க? இன்னும் பத்து வருஷத்துல அரேஞ்ச்டு மேரேஜே இருக்காது" என்பார்கள். இந்த நம்பிக்கை ஆதிக்கச் சாதி வீடுகளில் மட்டும் இல்லை. நம்மோடு கருத்தரங்குகளுக்கு வரும் தோழர்களிடமும் இருக்கிறது. சாதி தானாகச் செத்துக்கொண்டிருக்கிறது, நாம் காத்திருந்தால் போதும் என்பதே இதன் உட்பொருள். எனவே இதைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அண்மையில் ஏற்காட்டில் நடந்த ஒரு மாணவர் முகாமில் இரண்டு முதுகலை மாணவர்கள் இதைப் பற்றி மணிக்கணக்கில் வாதிட்டார்கள். மாணவி சென்னையில் வளர்ந்தவர். மாணவர் சேர்வராயன் மலைக்குக் கீழே ஓமலூர்ப் பக்கத்துக்காரர். திருமணம் பற்றிய கணக்கெடுப்புகளை முனைவர் பட்ட ஆய்வுக்காகப் படித்துக்கொண்டிருப்பதால், என்னையும் நடுவில் இழுத்துப் போட்டார்கள்.

மாணவிதான் தொடங்கினார். "எங்க அக்கா, சித்தி பொண்ணு, என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் அவங்களா பார்த்துப் பேசிப் பிடிச்சுத்தான் கட்டிக்கிட்டாங்க. மேடையில முதல் தடவையா மூஞ்சியைப் பார்த்த காலமெல்லாம் போச்சுப்பா."

"சரி, அதுல எத்தனை பேரு வேற சாதியில கட்டுனாங்க?"

"அது வேற கேள்வி."

"வேற கேள்வி இல்ல, அதுதான் கேள்வியே."

நான் முதலில் எண்களைச் சொன்னேன். 2018 ஜனவரியில் லோக் ஃபவுண்டேஷனும் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து 1,60,000-க்கும் அதிகமான குடும்பங்களிடம் ஓர் ஆய்வு நடத்தின. திருமணமானவர்களில் 93 சதவீதம் பேர், தங்களுடையது பெற்றோர் ஏற்பாடு செய்த திருமணம் என்றார்கள். காதல் திருமணம் என்றவர்கள் 3 சதவீதம். காதலித்துப் பெற்றோர் சம்மதத்தோடு முடித்தவர்கள் 2 சதவீதம். எண்பது வயதைக் கடந்தவர்களில் 94 சதவீதம் பேருக்கு ஏற்பாட்டுத் திருமணம் என்றால், இருபதுகளில் இருப்பவர்களிலும் 90 சதவீதத்துக்கு மேல் அதே பதில்தான்.

மாணவி உடனே மடக்கினார். "அண்ணா, இருபத்தஞ்சு வயசுக்குள்ள கல்யாணம் ஆனவங்களைக் கேட்டா அப்படித்தான் வரும். சீக்கிரம் கட்டி வைக்கிற வீட்டுலதான் அந்த வயசுல கல்யாணம் நடக்கும். வேலைக்குப் போய், காதலிச்சு, வீட்டுல சண்டை போட்டுக்கிட்டு இருக்கிறவ இன்னும் கட்டவே இல்லையே! அவ உங்க கணக்குல எங்க வருவா?"

நியாயமான கேள்வி. வயதை வைத்துப் பிரித்தால் இந்தக் கோளாறு வரும். அதைக் குறைக்க வேண்டுமென்றால் எந்த ஆண்டு திருமணம் நடந்தது என்பதை வைத்துப் பிரித்துப் பார்க்க வேண்டும். கீரா அலெண்டார்ஃப், ரோஷன் பாண்டியன் ஆகிய இரு ஆய்வாளர்கள் அதைத்தான் செய்தார்கள். இந்திய மனித வளர்ச்சிக் கணக்கெடுப்பின் தரவுகளைக் கொண்டு, 1970 முதல் 2012 வரை நடந்த திருமணங்களை ஆராய்ந்து 2016இல் கட்டுரை வெளியிட்டார்கள். கணவரை யார் தேர்ந்தெடுத்தது, திருமணத்துக்கு முன் எவ்வளவு காலம் பழக்கம், கணவர் குடும்பம் அதே சாதியா என்ற கேள்விகளைத் தனித்தனியாக எடுத்துக்கொண்டதுதான் அந்த ஆய்வின் பலம்.

அதன் முடிவு இருவரையுமே பாதி சரி என்று சொல்கிறது. மாப்பிள்ளையைத் திருமண நாளில்தான் முதன்முதலாகப் பார்த்தோம் என்று சொல்லும் பெண்கள் குறைந்திருக்கிறார்கள். தேர்வில் பெண்ணின் குரல் கூடியிருக்கிறது. ஆனால் பெற்றோரை ஒதுக்கிவிட்டுத் தானே முடிவெடுக்கும் பெண்கள் பெருகிவிடவில்லை. பெற்றோரோடு சேர்ந்து முடிவெடுப்பவர்கள்தான் பெருகியிருக்கிறார்கள். சாதி தாண்டிய திருமணம் மிகச் சிறிய அளவில்தான் நகர்ந்திருக்கிறது.

"பார்த்தியா, குரல் கூடியிருக்கு" என்றார் மாணவி.

"கூடியிருக்கு. எதுக்குள்ள கூடியிருக்கு?" என்றார் ஓமலூர்க்காரர். "மேட்ரிமோனியில உங்க வீட்டுல பேரைப் பதியும்போது சாதி, உட்பிரிவு, கோத்திரம், நட்சத்திரம் எல்லாம் போட்டது யாரு? அப்பா. வடிகட்டி இருபது பேரு லிஸ்டு கொடுத்தது யாரு? அதுவும் அப்பா. அதுல ஒருத்தரோட காபி ஷாப்புல உக்காந்து பேசி ஓகே சொன்னது உங்க அக்கா. இதுக்குப் பேரு சாய்ஸா?"

இந்த இடத்தில்தான் விவாதம் உண்மையான இடத்துக்கு வந்தது. யார் டிக் அடித்தார்கள் என்பதை மட்டும் பார்த்தால் பெண்ணின் சுதந்திரம் வளர்ந்ததாகத் தெரியும். பட்டியலைத் தயாரித்தது யார் என்று கேட்டால் சாதி தெரியும். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில் அம்பேத்கர் காட்டியதும் இதைத்தான். சாதியின் உயிர்நாடி அகமணம். திருமணத்தின் வேலி நிற்கும் வரை சாதியும் நிற்கும். வேலிக்குள் யார் யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது வேலிக்கு ஒரு பொருட்டே இல்லை.

"படிப்பு ஏறினா வேலி சரிஞ்சிடும்" என்றார் மாணவி. படித்த நகரத்து நடுத்தர வர்க்கத்தின் பொது நம்பிக்கை இது. இதற்கு இரண்டு ஆய்வுகள் பதில் சொல்கின்றன.

முதலாவது, டெல்லியிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2011-12 தரவுகளைக் கொண்டு செய்தது. சாதி தாண்டிய திருமணங்கள் 5.82 சதவீதம் மட்டுமே. மணமக்களின் படிப்பு கூடினால் இந்த எண்ணிக்கை கூடுகிறதா என்று பார்த்தார்கள். அப்படி ஒரு தொடர்பே கிடைக்கவில்லை. யாருடைய படிப்பு எடுபட்டது தெரியுமா? மணமகனின் தாயின் படிப்பு. மாமியார் பத்து ஆண்டுகள் கூடுதலாகப் படித்திருந்தால், சாதி தாண்டிய திருமணத்துக்கான வாய்ப்பு 1.86 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தது. மணமகன் பொறியியல் படித்தாரா, மணமகள் முதுகலை முடித்தாரா என்பதெல்லாம் எடுபடாமல், மாமியாரின் படிப்பு எடுபடுகிறது என்றால் முடிவு யார் கையில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இரண்டாவது, அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்ட நால்வர் கொல்கத்தாவில் செய்தது, 2013இல் வெளியானது. 'ஆனந்த பசார் பத்திரிகா'வில் மணமக்கள் தேவை விளம்பரம் கொடுத்த 783 குடும்பங்களைச் சந்தித்தார்கள். வந்த கடிதங்களில் எவற்றுக்குப் பதில் போட்டார்கள், எவற்றை ஒதுக்கினார்கள், எப்படி வரிசைப்படுத்தினார்கள் என்று கேட்டார்கள். எல்லாம் படித்த, நடுத்தர வர்க்கக் குடும்பங்கள். சொந்தச் சாதி மாப்பிள்ளை கிடைப்பதற்காக, முதுகலை படித்தவருக்கும் படிப்பே இல்லாதவருக்கும் உள்ள வித்தியாசத்தையே விட்டுக்கொடுக்கும் அளவுக்குப் பெண் வீட்டாரின் சாதிப் பற்று இருந்தது.

அதைவிட முக்கியமான கண்டுபிடிப்பு அடுத்தது. சாதி விருப்பத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, யாருக்கு யார் அமைவார்கள் என்று கணினியில் பொருத்திப் பார்த்தார்கள். படிப்பு, வருமானம், தோற்றம் ஆகியவற்றில் பெரிய மாற்றமே வரவில்லை. படித்த பெண்ணுக்கு ஏற்ற படித்த மாப்பிள்ளை, அந்தக் குடும்பங்களின் சொந்தச் சாதிக்குள்ளேயே கிடைத்துவிடுகிறார். அதாவது, சாதி பார்ப்பதால் அவர்களுக்கு நட்டம் இல்லை. நட்டம் இல்லாத ஒரு பழக்கத்தைச் சந்தை ஏன் அழிக்கப்போகிறது? சம்பளம் ஏறினால் சாதி இறங்கும் என்று சொல்லும் தாராளவாத நண்பர்கள் இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும்.

மாணவி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ அந்த அஞ்சு சதவீதத்துலயாவது நம்பிக்கை வைக்கலாமா?" என்றார். அதையும் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். 'கணவர் குடும்பம் உங்கள் சாதியா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால் அது கலப்புத் திருமணம் ஆகிவிடுகிறது. ஏறத்தாழ ஒரே படிநிலையில் உள்ள இரண்டு பிற்படுத்தப்பட்ட சாதிகள் சம்பந்தம் செய்துகொள்வதும் அதில் அடங்கும். சேரிக்கும் ஊருக்கும் நடுவிலுள்ள கோட்டைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்று அந்த எண் தனியாகச் சொல்லாது.

அந்தக் கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்பது இந்த மலையடிவாரத்துக்குத் தெரியும். ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், 2015 ஜூனில் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த தோழியோடு பேசிக்கொண்டிருந்தார். அதற்காகக் கடத்திக் கொல்லப்பட்டு, பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் வீசப்பட்டார். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உட்பட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் யுவராஜின் தண்டனையை உறுதி செய்தது. கோகுல்ராஜ் திருமணம் செய்யவில்லை. பேசிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் வெட்டிக் கொல்லப்பட்ட கவின், சென்னையில் ஐடி வேலையில் இருந்தவர். நகரமும் சம்பளமும் அவரைக் காப்பாற்றவில்லை.

எனவே 'குறைகிறதா, இல்லையா' என்ற விவாதத்தை நாம் இப்படியே தொடரக் கூடாது. பெற்றோர் ஏற்பாடு என்ற வடிவம் இளகியிருக்கிறது, அகமணம் இளகவில்லை. வடிவம் இளகியதையே சாதி தேய்ந்ததற்குச் சான்றாகக் காட்டுவது, வீட்டுக்கு வெள்ளை அடித்துவிட்டு வீட்டையே மாற்றிவிட்டேன் என்பதைப் போன்றது.

காத்திருக்காமல் செய்யக்கூடியவை கையிலேயே இருக்கின்றன. 1967இல் அண்ணா ஆட்சி கொண்டுவந்த சட்டத் திருத்தத்தால், தமிழ்நாட்டில் இந்துத் திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவின் கீழ் புரோகிதர் இல்லாமல், நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ சுயமரியாதைத் திருமணம் செய்யலாம். அதை ஊரறிய நடத்த வேண்டியதில்லை, வழக்கறிஞர்களும் நண்பர்கள் என்ற முறையில் அதை நடத்தி வைக்கலாம் என்று 2023 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இருவரும் இந்துச் சட்டத்துக்கு உட்பட்டவர்களாக இருந்தால் முப்பது நாள் அறிவிப்பு தேவையில்லை. மதம் தாண்டினால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குப் போக வேண்டும். அங்கே முப்பது நாள் அறிவிப்பை அலுவலகச் சுவரில் ஒட்டுகிறார்கள். வீட்டார் தேடிக் கண்டுபிடிக்க அரசே கொடுக்கும் முகவரி அது. அதை நீக்கச் சொல்லிப் போராட வேண்டும். மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு, பாதுகாப்பு இல்லம் என்று சக்தி வாஹினி வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னவை நம் மாவட்டத்தில் எந்த நிலையில் இருக்கின்றன என்று கேட்க வேண்டும். ஆணவக் கொலைகளுக்குத் தனிச் சட்டம் வேண்டும்.

அடுத்த முறை யாராவது "எங்க வீட்டுல லவ்-கம்-அரேஞ்ச்டு" என்று பெருமையாகச் சொன்னால் வாழ்த்துங்கள். வாழ்த்திவிட்டு, "ஒரே சாதியா?" என்றும் கேளுங்கள். பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கவனியுங்கள்.