முழுசா தீரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

புதுப் போன் வாங்கும் வீட்டில் யாராவது ஒருவர் இன்றும் சொல்கிறார்: "சார்ஜ் முழுசா தீர்ந்த பிறகு போடு. பாதியில போட்டா பேட்டரி அதையே ஞாபகம் வச்சுக்கும்." இந்த அறிவுரை வேறொரு பேட்டரிக்காகப் பிறந்தது. இன்றைய போனுக்கு அது கெடுதல்.

1960களின் செயற்கைக்கோள்களில் நிக்கல்-காட்மியம் செல்கள் இருந்தன. தாழ்ந்த பாதையில் சுற்றுபவை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியின் நிழலுக்குள் போய்வரும். நிழலில் பேட்டரி ஒவ்வொரு முறையும் ஒரே அளவு மின்சாரம் தரும். வெயிலில் மறுபடி நிரம்பும். இப்படியே பழகிய செல்லிடம் வழக்கத்தைவிட அதிகம் கேட்டால், அந்த இடத்தில் மின்னழுத்தம் சட்டென்று இறங்கியது. நினைவு விளைவு என்பது இதுதான். அவ்வளவு துல்லியமாக யாரும் வீட்டில் பேட்டரியைப் பயன்படுத்துவதில்லை.

இதே வகை செல் இருந்த வீட்டுக் கார்ட்லெஸ் போன்களில் மக்கள் கண்டது பெரும்பாலும் வேறு கோளாறு. எந்நேரமும் சார்ஜரிலேயே கிடந்ததால் செல்லுக்குள் படிகங்கள் பெருத்து மின்னழுத்தம் தாழ்ந்தது. செல் ஒன்றுக்கு 1 வோல்ட் வரை இறக்கி மறுபடி நிரப்பினால் பலமுறை தேறிவிடும். அதற்கும் கீழே இறக்கினால், வரிசையில் உள்ள பலவீனமான செல் தலைகீழாக சார்ஜ் ஆகிக் கெட்டுப்போகலாம்.

இன்றைய போனில் உள்ள லித்தியம் செல்லின் வேதியியல் வேறு. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் மிகச் சிறிய நினைவு விளைவு இருப்பதை 2013இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அது சார்ஜ் அளவைக் கணிப்பதைக் கொஞ்சம் குழப்பலாம், அன்றாடப் பயன்பாட்டில் நாம் உணரும் அளவுக்கு இல்லை. மாறாக, ஆழமாக இறக்கி ஏற்றும் ஒவ்வொரு சுற்றும் செல்லைக் கூடுதலாகத் தேய்க்கிறது. தீர்ந்த போனை மாதக்கணக்கில் அலமாரியில் போட்டுவைத்தால் மின்னழுத்தம் மேலும் இறங்கி, உள்ளிருக்கும் செம்புத் தகடே கரையத் தொடங்கலாம். அதை மறுபடி சார்ஜ் செய்தால் செம்பு தவறான இடத்தில் படிந்து உள்ளேயே ஷார்ட் ஆகலாம்.

அப்படியானால் முழுசாகத் தீர்ப்பதால் பயனே இல்லையா? ஒன்று உண்டு. 4,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி தேய்ந்து 3,200 ஆகியிருக்கிறது, போன் இன்னும் 4,000 என்றே கணக்கிடுகிறது என்று வையுங்கள். 3,200 செலவானதும் திரையில் 20 சதவீதம் இருக்கும், போனோ அணைந்துவிடும். ஒருமுறை தானாக அணையும்வரை விட்டு, இடைவிடாமல் 100 வரை ஏற்றினால் அந்தக் கணக்கு சரியாகும். பேட்டரியின் கொள்ளளவு 3,200தான். அது ஒரு துளியும் கூடாது. அப்படிச் செய்தும் கேமராவைத் திறந்ததும் போன் அணைகிறது என்றால், செல்லின் உள்தடை கூடிவிட்டது; பேட்டரியை மாற்றத்தான் வேண்டும்.

ஆகவே சதவீதம் தாறுமாறாகத் தாவினால் மட்டும் ஒருமுறை முழுசாகத் தீர்த்துப் பாருங்கள். மற்ற நாட்களில் 20, 30 வந்ததுமே சார்ஜ் போட்டுவிடுங்கள். பயன்படுத்தாத போனைப் பாதி சார்ஜில் எடுத்துவையுங்கள்.